மாஸ்டர்ஜிக்கு ஒரு புகார்க் கடிதம்

"வெளியூர்ல எதுக்குங்க வம்பு, போகட்டும் விடுங்க." தமிழ்நாட்டை விட்டு வந்த குடும்பங்களில் இந்த வசனம் கேட்காத வீடு உண்டா? ஆட்டோக்காரர், பால்காரர், டெய்லர் எல்லோருக்கும் இது தெரிஞ்சுதான் இருக்கு. இந்தத் தடவை நான் விடுறதா இல்லை. லக்னோவில் எங்க தெரு டெய்லருக்கு எனக்குத் தெரிஞ்ச ஹிந்தியில் எழுதிக் கொடுத்த கடிதம் இது. நம்ம மக்களுக்காகத் தமிழில்:

மாஸ்டர்ஜி, நமஸ்தே.

அக்டோபர் கடைசியில் எட்டு மீட்டர் வெள்ளை டெரிகாட்டன் துணி கொடுத்தேன். குளிர்காலப் பள்ளிச் சீருடைக்கு முழுக்கைச் சட்டை, பையனுக்கு மூணு, பொண்ணுக்கு மூணு. அளவெடுத்தது உங்கள் கடைப் பையன், சீட்டில் எழுதியது நீங்கள். பையனுக்கு மார்பு 29, கை 21½, உயரம் 26. பொண்ணுக்கு மார்பு 30, கை 18½, உயரம் 23. அந்தச் சீட்டின் கார்பன் நகல் என்னிடம் இருக்கிறது.

சட்டைகள் வந்ததும் தோள் தையலிலிருந்து கஃப் முனை வரை டேப் வைத்துப் பார்த்தேன். ஆறு சட்டைக்கும் கை 20. ஆறுக்கும் உயரம் 25. பையன் பதிமூணு வயசு, ஒல்லி, நெட்டை. பொண்ணு பத்து வயசு, கொஞ்சம் பூசின உடம்பு. இரண்டு பேருக்கும் ஒரே கையா?

கை தவறியிருந்தால் ஒவ்வொரு சட்டையும் ஒவ்வொரு விதமாகப் போயிருக்கும். ஆறும் கால் இஞ்ச் கூட மாறவில்லை. நீங்கள் பார்த்தது மார்பளவை மட்டும்தான். 29-ம் 30-ம் பக்கத்துப் பக்கத்து எண்கள் என்று ஒரே அட்டையை வைத்து, துணியை அடுக்கி, ஆறையும் ஒரே வெட்டில் வெட்டிவிட்டு, பக்கத் தையலில் மட்டும் மார்பைச் சரிபண்ணியிருக்கிறீர்கள். சீசன் நெரிசல் எனக்கும் புரிகிறது. ஆனால் அட்டைப்படி தைப்பதற்கு ரெடிமேட் கடை இருக்கிறதே! சட்டைக்கு 300 ரூபாய் கூலி கொடுப்பது அந்தச் சீட்டில் இருக்கும் எண்ணுக்குத்தானே? நான் பேங்கில் வேலை பார்க்கிறவன். செக்கில் எழுதிய தொகையை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கிறவர் செக்கில் இருக்கும் தொகையைக் கொடுத்தால் கஸ்டமர் சும்மா போவாரா?

"வளர்ற பிள்ளை சாப்" என்றீர்கள். வளர்ற பிள்ளைக்குக் கையை ஒன்றரை இஞ்ச் குறைத்தா தைப்பார்கள்? வளர்ச்சிக்கு விட வேண்டிய துணி கீழ் மடிப்பில் உள்ளே இருக்க வேண்டும், பிரித்து இறக்கிக்கொள்ள. இதில் மடிப்பு அரை இஞ்ச் கூட இல்லை. "ஒரு தடவை துவைச்சா செட் ஆயிடும்" என்றீர்கள். பாலியெஸ்டர் கலந்த டெரிகாட்டன் பெரிதாகச் சுருங்காது. அப்படியே சுருங்கினாலும் பையனின் கை இன்னும் மேலேதான் ஏறும். ஸ்வெட்டருக்கு வெளியே மணிக்கட்டு தெரிய ஸ்கூலுக்குப் போனான். டயரியில் டீச்சரின் குறிப்போடு திரும்பி வந்தான். அந்தக் குறிப்பு உங்களுக்கு வரவில்லை.

இனி செய்ய வேண்டியது. பொண்ணு சட்டைகளைத் திருத்தலாம். உயரத்தில் இரண்டு இஞ்ச் வெட்டி மடித்தால் போதும். கையை மட்டும் கஃபைப் பிரித்து கீழிருந்து வெட்டாதீர்கள். பட்டன் பக்கத்துப் பிளவு குட்டையாகி, கையை மடிக்கவே வராது. தோள் பக்கம் பிரித்து, மேல் வளைவை மறுபடி வெட்டிப் பொருத்துங்கள். வேலை அதிகம்தான், தெரியும்.

பையன் சட்டைகளில் பிரித்துவிடத் துணியே இல்லை. கஃபுக்கு மேலே ஒட்டுப் போட்டால் வெள்ளைச் சட்டையில் கோடு பளிச்சென்று தெரியும். அதனால் மூன்றுக்கும் புதுக் கை வெட்ட வேண்டும். உயரம் ஒரு இஞ்ச் குறைவதை, உள்ளே விட்டுப் போடுவதால் பொறுத்துக்கொள்கிறேன். எட்டு மீட்டரில் மிச்சத் துணி இருந்தால் அதிலேயே வெட்டுங்கள். இல்லையென்றால் அதே துணி வாங்குவது உங்கள் பொறுப்பு.

மொத்தக் கூலி 1,800. அட்வான்ஸ் 1,000 கொடுத்தாகிவிட்டது. பாக்கி 800-ஐ வரும் சனிக்கிழமை பிள்ளைகள் இரண்டு பேரும் கடையிலேயே போட்டுப் பார்த்த பிறகு தருகிறேன். திருத்தத்துக்குத் தனிக் கூலி கிடையாது. முடியாது என்றால் அட்வான்ஸையும் துணி விலையையும் திருப்பிக் கொடுங்கள்.

இரண்டும் இல்லையென்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் காசு வாங்கிச் செய்யும் தையலும் சேவைதான். மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. சீட்டு நகல், அட்வான்ஸ் ரசீது, டேப் வைத்து எடுத்த போட்டோக்கள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கின்றன. அந்த ஃபைலைத் திறக்க எனக்கு விருப்பமில்லை. உங்கள் தையல் சுத்தமானது, காலர் வேலையில் குறை சொல்ல முடியாது. அதனால்தான் சட்டைகளைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போகாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

ஆறு சட்டையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றின் காலரிலும் பெயரும் சரியான கை அளவும் எழுதிய துண்டுச்சீட்டு குத்தியிருக்கிறது. வெட்டி முடியும் வரை அதைப் பிரிக்க வேண்டாம்.