அதே விலை, குறைந்த கிராம்

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நாம் எதையும் சும்மா விட்டுக்கொடுப்பதில்லை. சாக்குக்கு என்று ஒரு கிலோ, ஈரத்துக்கு என்று இன்னொரு கிலோ கழிக்கத் தொடங்கினால் தராசுக்கு முன்னால் நின்றே கேட்கிறோம். எத்தனை கிலோ எழுதினார்கள் என்று எட்டிப் பார்க்காத பெண்ணை எந்த மலையிலும் காண முடியாது. ஆனால் அன்று மாலையே கடையில் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பக்கெட் வாங்கும்போது, விலையை மட்டும் கேட்டுவிட்டுப் பையில் போட்டுக்கொள்கிறோம். அதில் எத்தனை கிராம் என்று கேட்பதில்லை.

விலை கூடினால் நமக்கு உடனே தெரியும். அடுத்த லயத்துக்கும் சொல்லிவிடுவோம். கம்பனிக்காரர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் பல பக்கெட்டுகளில் விலையைத் தொடாமல் உள்ளே இருப்பதைக் குறைக்கிறார்கள். உறையின் நிறம் அதே நிறம், படம் அதே படம். கடைக் கொப்பியில் எழுதும் தொகையும் அதே தொகை. மாதக் கடைசியில் கொப்பியைப் புரட்டிப் பார்த்தால் எதுவுமே ஏறாதது போலத்தான் இருக்கும். ஆனாலும் முன்பு இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கு போட்ட பக்கெட் இப்போது ஒரு பிள்ளைக்கே போதவில்லை என்று வீட்டில் பேச்சு வரும். "பிள்ளைங்க வளர்ந்திருச்சு, அதான் கூட தின்னுதுங்க" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம்.

மீரியபெத்த, கொஸ்லந்தப் பக்கத்தில் சில வீடுகளில் இதைப் பற்றிப் பேசியபோது, ஒரு வீட்டில் பழைய பிஸ்கட் உறை ஒன்று அகப்பட்டது. அரிசிச் சாமான் வைத்த டின்னுக்குள் மடித்துக் கிடந்தது. அன்றைக்குக் கடையில் வாங்கிய அதே பிஸ்கட்டின் உறையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் விலை 100 ரூபா. பழையதில் நிறை 100 கிராம், புதியதில் 80 கிராம். உறையின் நீளத்தில் ஒரு விரல் அகலம்கூட வித்தியாசம் இல்லை. கம்பனியின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒன்றை எழுதினால் மற்றவர்கள் நல்லவர்கள் என்று ஆகிவிடும்.

இந்த இடத்தில் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 100 கிராம் 80 ஆனால் 20 வீதம் குறைந்தது என்று சொல்லுவோம். நிறையைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் நம் கையில் இருந்து போகும் காசின் பக்கமாக நின்று பாருங்கள். முன்பு நான்கு பக்கெட் வாங்கினால் 400 கிராம் கிடைத்தது, அதற்கு 400 ரூபா கொடுத்தோம். இன்று அதே 400 கிராம் வேண்டுமானால் ஐந்து பக்கெட் வாங்க வேண்டும், அதற்கு 500 ரூபா வேண்டும். ஆகவே ஏறிய விலை 20 வீதம் அல்ல, 25 வீதம். நிறை எவ்வளவு குறைகிறதோ அதைவிடக் கூடுதலாகவே விலை ஏறுகிறது. பாதியாகக் குறைந்தால் விலை இரட்டிப்பு.

பக்கத்து நாட்டில் இது எப்படி நடந்தது என்பது பத்திரிகைகளில் விவரமாக வந்திருக்கிறது. 2022இல் இந்தியாவில் பார்லே-ஜி பிஸ்கட்டின் 5 ரூபாப் பக்கெட் 64 கிராமில் இருந்து 55 கிராமுக்கு இறங்கியது. ஹல்திராம் கம்பனியின் 10 ரூபா ஆலு புஜியா, அதாவது நம்முடைய மிக்சர் மாதிரியான ஒன்று, 55 கிராமில் இருந்து 42 கிராமுக்கு வந்தது. மேலே சொன்ன கணக்கின்படி பார்த்தால் பிஸ்கட்டில் 16 வீதமும் மிக்சரில் 31 வீதமும் விலை ஏறியிருக்கிறது. ஆனால் உறையில் அச்சிட்ட விலை அப்படியே 5, அப்படியே 10.

காரணம் இல்லாமல் அப்படிச் செய்யவில்லை. அந்த ஆண்டு பெப்ரவரியில் உக்ரேன் போர் தொடங்கியதும் கோதுமை விலை ஏறியது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாம் எண்ணெய் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியது. பிஸ்கட்டுக்கும் மிக்சருக்கும் மாவும் எண்ணெயும்தான் உயிர். செலவு ஏறியதை மறுக்க முடியாது. ஆனால் 5 ரூபா என்பது ஒரு நாணயம். கிராமத்துக் கடையில் ஒரு நாணயத்தை நீட்டிப் பக்கெட்டை வாங்கிப் போகிறவரிடம் ஆறு ரூபா கேட்டால் அவர் வாங்காமல் போய்விடக்கூடும். ஆகவே நாணயத்தைத் தொடாமல் கிராமில் கை வைத்தார்கள். இந்த முறை குறிவைப்பது சிறிய பக்கெட்டை வாங்குகிறவரை. சிறிய பக்கெட்டை வாங்குவது யார்? அன்றாடக் காசில் வாழ்கிறவர்.

இலங்கையில் கதை இன்னும் கடுமையானது. அதே 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360ஐத் தாண்டியது. செப்டெம்பர் மாதம் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் என்று அரசாங்கமே கணக்குச் சொன்னது. இங்கே ஒரு நாணயத்துக்குள் விலையை நிறுத்தி வைக்க யாராலும் முடியவில்லை. விலையும் ஏறியது, பல பக்கெட்டுகளில் நிறையும் இறங்கியது. பின்னர் 2023இல் கோதுமை மாவின் விலை இறங்கியது. அப்போது கிராம் திரும்பி வந்ததா என்று உங்கள் வீட்டுப் பக்கெட்டைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உறையில் 80 கிராம் என்று போட்டு உள்ளே 70 கிராம் வைத்தால் அது மோசடி. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். விலையும் நிறையும் திகதியும் இல்லாத உறையில் பைட், மிக்சர் அடைத்து விற்பதும் குற்றம்தான், அதையும் முறையிடலாம். ஆனால் நேற்று 100 என்று போட்ட இடத்தில் இன்று 80 என்று அச்சடித்து, உள்ளேயும் சரியாக 80 கிராம் வைத்தால், அதை நிறை மோசடி என்று பிடிக்க முடியாது. எழுதியதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். எழுத்து எவ்வளவு சிறியது, உறை மடியும் எந்த மூலையில் இருக்கிறது என்பது வேறு கதை.

பாணுக்கு அப்படி இல்லை என்பதைக் கவனியுங்கள். 2024 பெப்ரவரியில் வந்த வர்த்தமானிப்படி ஒரு இறாத்தல் பாண் 450 கிராம், அரை இறாத்தல் 225 கிராம் இருக்க வேண்டும். சிறிதளவு வித்தியாசத்துக்கு மட்டுமே இடம் உண்டு. அதனால் பாணின் விலையைக் கேட்டால் எந்த அளவுக்கு அந்த விலை என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடுகிறது. பிஸ்கட் பக்கெட்டுக்கு அப்படி ஒரு நிலையான அளவு இல்லை.

பிஸ்கட்டுக்கும் பாண் மாதிரி ஒரே நிறை வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஆயிரம் வகை பக்கெட் இருக்கிறது, அது நடக்காது. ஆனால் குறைத்தால் சொல்லிவிட்டுக் குறை என்று கேட்கலாம். பிரான்சில் 2024 ஜூலை முதல் பெரிய கடைகள் நிறை குறைந்த பொருளுக்குப் பக்கத்தில் அதை அறிவிக்கும் தாளை இரண்டு மாதம் ஒட்டி வைக்க வேண்டும். தென் கொரியாவில் அதே ஆண்டு ஆகஸ்ட் முதல், நிறையைக் குறைக்கும் உற்பத்தியாளரே மூன்று மாதத்துக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் தண்டப்பணம். நமக்கு ஏற்றது கொரியாவின் முறைதான் என்பது எமது கருத்து. பிரெஞ்சு முறை பெரிய கடைகளுக்கு உரியது. தோட்டக் கடைக்காரரைப் பிடித்துத் தாள் ஒட்டச் சொல்வதில் பயன் இல்லை, பக்கெட்டைக் குறைத்தது அவர் அல்ல. அவரோடு சண்டை போடவும் வேண்டாம். உறையிலேயே, விலை இருக்கும் இடத்தில், 'முன்பு 100 கிராம், இப்போது 80 கிராம்' என்று கம்பனி அச்சடிக்கட்டும்.

பிஸ்கட்டைப் பற்றிச் சங்கத் தாளில் இவ்வளவு பேச வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். சம்பளத்தைக் குறைக்காமல் நோர்ம் கிலோவைக் கூட்டினால் நாம் அதைச் சம்பள வெட்டு என்றுதான் சொல்கிறோம். முழுப் பெயருக்கு 16 கிலோ எடுத்த மலையில் 18 கேட்டால், சம்பளச் சீட்டில் அதே தொகை இருந்தாலும் ஒரு கிலோவுக்கு நமக்குக் கிடைப்பது குறைந்துவிட்டது என்று நமக்குப் புரிகிறது. பக்கெட்டில் நடப்பதும் அதே கணக்குத்தான், ஒரே காசுக்குக் குறைந்த சரக்கு. மலையில் கூடுதலாகக் கேட்கிறார்கள், கடையில் குறைவாகக் கொடுக்கிறார்கள், நடுவில் அதே தொகை நிற்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 2021 மார்ச்சில் 1000 ரூபாவான நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1350 ஆனது. இடையில் பொருள் விலை எங்கே போனது என்று பேச்சுவார்த்தையில் காட்டுவதற்கு நாம் கடைக்கடையாக விலை எழுதிக்கொண்டு போகிறோம். அந்தப் பட்டியலில் பக்கெட் விலையை மட்டும் எழுதினால், 100 ரூபா 100 ரூபாவாகவே இருக்கிறது, ஏறவே இல்லை என்று நம் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகிவிடும். பிஸ்கட்டோடு நிற்பதும் இல்லை, சவர்க்காரக் கட்டி, பால்மா, சம்போ சாச்சட் என்று உறையில் வரும் எதற்கும் இதே நிலைமை வரலாம்.

ஆகவே விலை எழுதும் தலைவர்மாரும் மாதர் குழுவினரும் ஒவ்வொரு பொருளுக்கும் விலைக்குப் பக்கத்தில் கிராமையும் எழுத வேண்டும். பிறகு விலையை கிராமால் வகுத்து நூறால் பெருக்கினால் 100 கிராமின் விலை வரும். 100 ரூபாவை 80ஆல் வகுத்தால் 1.25, நூறால் பெருக்கினால் 125 ரூபா. பட்டியலில் நிற்க வேண்டிய விலை அந்த 125தான். வகுக்கும் வேலையை வீட்டில் ஆறாம் வகுப்பில் படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள், ஒரு நிமிடத்தில் செய்துவிடும். பெரிய பக்கெட்டையும் சின்னப் பக்கெட்டையும் சேர்த்தே எழுதுங்கள். பெரியதுதான் எப்போதும் மலிவு என்று நினைக்க வேண்டாம், வகுத்துப் பார்த்தால் சில நேரம் சின்னதுதான் மலிவாக இருக்கும்.

பழைய உறை வீட்டில் எங்காவது கிடந்தால் அடுப்பில் போட வேண்டாம். விலையும் நிறையும் திகதியும் தெரியும்படி மடித்துத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். அடுத்த மாவட்டக் கூட்டத்துக்குப் பழையதையும் புதியதையும் ஒன்றாகக் கட்டிக் கொண்டுபோவோம். நுகர்வோர் அதிகார சபைக்கு அனுப்பும் கடிதத்தோடும் அவற்றை இணைப்போம்.