நூறு ரூபா கொள்ளையா? மூட்டையை அவிழ்த்துக் கணக்குப் பார்ப்போம்



2024 டிசம்பரில் அரசாங்கம் அரிசிக்கு உச்ச சில்லறை விலை போட்டது. பச்சையரிசி கிலோ 220 ரூபா, நாட்டரிசி 230 ரூபா. 2025 பெப்ரவரியில் நெல்லுக்கு உத்தரவாத விலை அறிவித்தது. நாட்டு நெல் கிலோ 120 ரூபா. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "கிலோவுக்கு நூறு ரூபா கொள்ளை" என்று நம் தோட்டங்களில் ஒரு பேச்சு கிளம்பியது. நம் மேடைகளிலும் அதைச் சொன்னோம்.

அந்தக் கணக்கு தவறு. தவறான கணக்கோடு போராடப் போனால் எதிரில் இருப்பவன் சிரிப்பான். அதைவிடப் பெரிய கேடு ஒன்றும் உண்டு. சம்பள நாளன்று லயத்து வாசலில் லொறியை நிறுத்தி, "அரிசி 220, என் நெல் 120தான், மூட்டையோடு எடுங்கள்" என்று விற்பவனுக்கு நாமே விளம்பரம் செய்தவர்களாகிறோம். நெல்லை யாரும் தின்பதில்லை. உமியும் தவிடும் பதரும் போன பிறகு வீட்டுக்கு வரும் அரிசிக்குத்தான் விலை பார்க்க வேண்டும்.

ஒரு மூட்டையை எடுத்துக்கொள்வோம். மஹியங்கனைப் பக்கத்து நாட்டு நெல், 60 கிலோ, நன்றாகக் காய்ந்தது. கிலோ 120 வீதம் 7,200 ரூபா. ஹட்டனுக்குக் கொண்டுவர லொறிக் கூலி மூட்டைக்கு 300 என்று வைப்போம். குத்துக்கூலி கிலோவுக்கு 8 ரூபா என்றால் 480. ஆகமொத்தம் 7,980 ரூபா. கூலியும் தவிட்டு விலையும் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

ரப்பர் உருளை வைத்த நல்ல மில்லில் இந்த 60 கிலோ எப்படிப் பிரியும்? பதர், கல், தூசி என்று 3 கிலோ போகும். உமி 13 கிலோ. தவிடு 6 கிலோ. குருணலும் சேர்த்து அரிசி 38 கிலோ. நூறு கிலோ நெல்லுக்கு அறுபத்து மூன்று கிலோ அரிசி என்ற கணக்கு இது. தவிட்டைக் கிலோ 60 ரூபாவுக்கு மாடு, கோழி வளர்ப்பவர்களிடம் விற்றால் 360 ரூபா திரும்பி வரும். மிச்சச் செலவு 7,620. அதை 38ஆல் வகுத்தால் கிலோ அரிசி 200 ரூபா 50 சதம்.

நெல்லை அவிக்காமல் குத்தினோம் என்பதையும் மறக்கக் கூடாது. வந்திருப்பது பச்சையரிசி. அதை 220 ரூபாவோடுதான் ஒப்பிட வேண்டும், நாட்டரிசியின் 230ஓடு அல்ல. ஊறவைத்து, அவித்து, மறுபடி காயவைத்தால்தான் நாட்டரிசி. அதற்கு விறகும் கூலியும் தனி. ஆகவே நம் கையில் நிற்கும் மிச்சம் கிலோவுக்கு ஏறத்தாழ 20 ரூபா. நூறு அல்ல. மூட்டைக்கு 740 ரூபா.

இந்த 740 ரூபாவும் சும்மா நிற்காது. மூன்று இடத்தில் கரைந்துபோகும்.

முதலாவது ஈரம். நெல் சந்தைப்படுத்தும் சபை நெல்லுக்கு வைத்திருக்கும் அளவு 14 சதவீத ஈரம். லொறியில் வருவது 20 சதவீத ஈரமாக இருந்தால், 60 கிலோ காய்ந்து முடியும்போது 56 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகிவிடும். அரிசி 35 கிலோவாகவும் தவிடு ஐந்தரைக் கிலோவாகவும் குறையும். குத்துக்கூலி கொஞ்சம் குறைந்தாலும் கிலோ அரிசி ஏறத்தாழ 218 ரூபாவில் வந்து நிற்கும். அதாவது 120 ரூபா கொடுத்துத் தண்ணீர் வாங்கியிருக்கிறோம். நம் மலையில் மழையும் பனிமூட்டமும் விட்டு நெல் காயப்போட நாள் கிடைப்பதும் அரிது. காயாத மூட்டை லயத்து மூலையில் பூஞ்சணம் பிடித்துவிடும். வாங்குமுன் நாலு மணியைப் பல்லில் கடித்துப் பாருங்கள். காய்ந்த நெல் 'டக்' என்று உடையும். ஈர நெல் நசுங்கும். சாக்கின் வாயில் மட்டும் பார்க்காதீர்கள். நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுங்கள். "மூட்டை" என்ற சொல்லை நம்பாமல் தராசில் நிறுத்து, சாக்கின் எடையையும் கழியுங்கள்.

இரண்டாவது மில். சில இடங்களில் இன்னும் இருப்பது பழைய இரும்பு உருளை மெஷின். அது உமியையும் தவிட்டையும் ஒன்றாக அரைத்துக் கொட்டும், அரிசியையும் நொறுக்கும். 60 கிலோவுக்கு 34 கிலோ அரிசிதான் தேறியது, உமி கலந்த தவிட்டுக்கு மொத்தமே 100 ரூபாதான் கிடைத்தது என்றால், கிலோ அரிசி 231 ரூபாவைத் தாண்டும். கடையில் வாங்கியதைவிட நட்டம். மில்லுக்குப் போனால் முதலில் தவிட்டைக் கையில் எடுத்துத் தேயுங்கள். மாவு போல ஒட்டினால் நல்ல தவிடு. சொரசொரவென்று குத்தினால் உமி கலந்தது.

மூன்றாவது, தவிட்டை விட்டுவருவது. குத்துக்கூலியையும் வாங்கிக்கொண்டு தவிட்டையும் மில்காரர் வைத்துக்கொண்டால், கிலோ அரிசிக்கு ஒன்பதரை ரூபா அங்கேயே விட்டோம். விலை 210 ஆகிவிடும். "தவிடு எனக்கு, கூலி வேண்டாம்" என்றால் அது வேறு பேச்சு. மேலே சொன்ன கணக்கில் தவிடு 360, கூலி 480. அப்போது நமக்குத்தான் லாபம். தவிடு 80 ரூபாவைத் தாண்டினால் அவருக்கு லாபம். அன்றைய தவிட்டு விலை தெரியாமல் எதற்கும் தலையாட்டாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. மில்லுக்கு அலைய ஒரு நாள் பேர் போனால், 2025இல் இருந்த 1,350 ரூபா அடிப்படைச் சம்பளக் கணக்கில் அந்த 740உம் போய், கைக்காசும் போகும். பத்துக் குடும்பம் சேர்ந்து பத்து மூட்டை எடுத்து, ஒருவர் மட்டும் போய், அவருடைய பேரை எல்லோரும் பகிர்ந்தால் மூட்டைக்கு 135 ரூபாதான் செலவு. 605 ரூபா மிஞ்சும். தனியாக ஒரு மூட்டை வாங்குவது வீண் வேலை. தோட்டத்து மாதர் சங்கம் சேர்ந்து, காய்ந்த நெல்லாகப் பார்த்து, நல்ல மில்லில் குத்தினால் மட்டுமே இது பிழைக்கும்.

அப்படியானால் பெரிய ஆலைக்காரர்கள் சொல்வதெல்லாம் நியாயமா? இல்லை. பத்து மூட்டை வாங்கும் நாமே, சில்லறைக் கூலி கொடுத்து, 200 ரூபாவில் அரிசியை வீட்டுக்குக் கொண்டுவர முடிகிறது. ஆயிரக்கணக்கான மூட்டை வாங்குபவருக்குக் குத்துச் செலவு இதைவிடக் குறைவு. உமியைக்கூட நெல் அவிக்கும் கொதிகலனில் எரித்துக்கொள்கிறார். தவிட்டைத் தீவன வியாபாரிக்கு லொறி லொறியாக விற்கிறார். விலை கூட்டக் கேட்டு அவர் செலவுப் பட்டியலை நீட்டும்போது, அதில் தவிட்டு வரவு எங்கே என்று கேட்க வேண்டும். நூறு கிலோ நெல்லுக்கு எத்தனை கிலோ அரிசி எடுக்கிறார் என்றும் கேட்க வேண்டும்.

நாங்கள் கேட்பது இதுதான். உச்ச விலை போடும்போது அந்த விலைக்கு வந்த கணக்கையும் நுகர்வோர் அதிகார சபை வெளியிடட்டும். நெல் விலை, ஈரம், அரிசித் தேறல், குத்துச் செலவு, தவிட்டு வரவு ஆகிய ஐந்து வரிகள் போதும். 2025இல் ஒரு நாள் அடிப்படைச் சம்பளத்தில் ஆறு கிலோ அரிசிதான் வாங்க முடிந்த வீட்டில், கிலோவுக்கு இருபது ரூபா சின்னக் காசு அல்ல. இல்லாத நூறைக் கேட்டுக் கத்துவதை விடுவோம். இருக்கிற இருபதுக்குக் கணக்குக் கேட்போம்.