சேர்த்துவிட்டால் முடிந்ததா?

"ஊர்ல அண்ணன் ரொம்பக் குடிக்கிறார், எங்கயாவது சேத்து விடுங்க" என்று சென்னையிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் உண்டு. சேர்த்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். குடியை நிறுத்துறது ஒரு வேலை, நிறுத்தினபடியே இருக்கிறது வேற வேலை என்பது என் கருத்து.

முதல் வேலை டாக்டருடையது. வருஷக்கணக்கா தினமும் குடிச்ச ஆளை வீட்ல பூட்டி வச்சு, ஒரே நாள்ல நிறுத்தக் கூடாது. கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். இரண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். அதுக்கு மேல ஆளே தெரியாம பிதற்றலாம், உயிரும் போகலாம். அதனால ஆஸ்பத்திரியில மருந்து கொடுத்து சில நாள் கவனிப்பாங்க.

அதுக்கப்புறம்தான் கவுன்சிலிங். எங்க தெருக்காரர் ஒருத்தருக்குத் துணையா போனேன். திட்டுவாங்கன்னு பயந்துக்கிட்டே வந்தார். ஆனா அங்க கேட்டது கணக்குதான். கடைசியா எப்ப குடிச்சீங்க? ஒரு நாளைக்கு எவ்வளவு? காலையில எழுந்ததும் வேணுமா? எந்த நாள்ல கூடுது? அவர் யோசிச்சு, "கூலி வாங்குற சனிக்கிழமை" என்றார். அங்கிருந்தே வழியும் பிறந்தது. சனிக்கிழமை கூலியை அவர் சம்சாரம் வாங்கிக்கிறது, அவர் கடைத்தெருப் பக்கம் போகாம வாய்க்கால் கரையோட வீடு வர்றது. சம்சாரத்தையும் தனியா உட்கார வச்சுப் பேசினாங்க.

அடுத்தது ஏஏ கூட்டம். 1935-ல அமெரிக்காவில், குடியால் கெட்ட ஒரு பங்கு வியாபாரியும் ஒரு டாக்டரும் ஒருத்தருக்கொருத்தர் பேசித் தாக்குப்பிடிச்சதில் ஆரம்பிச்சது இது. கட்டணம் கிடையாது. குடியை விடணும்னு ஆசை இருந்தாப் போதும். வெளியாளும் உட்காரலாம்னு வச்ச கூட்டம் என்பதால் நானும் உட்கார்ந்தேன். ஒவ்வொருத்தரா பேரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி"ன்னு தொடங்கித் தன் கதையை மட்டும் சொன்னாங்க. யாரும் குறுக்கே பேசல, புத்தி சொல்லல. புதுசா வந்தவர் பேசணும்னு கட்டாயமும் இல்ல. நம்மாளு முதல் நாள் வாயே திறக்கல. அங்க கேட்டதை வெளியில பேசுறதில்லன்னு ஒரு கட்டுப்பாடு. ஒரே தெருவுல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுற ஊர்ல இது லேசான காரியமில்ல. அதான் அவர் பஸ் ஏறி டவுன் கூட்டத்துக்குப் போறார்.

அந்த பஸ்தான் சிக்கல். நடவு, அறுப்பு வந்தா கூட்டம் தவறிடும். கையில காசும் இருக்கும், உடம்பும் வலிக்கும். மறுபடி குடிக்கிறது பெரும்பாலும் அப்பதான். அப்படி ஒரு நாள் சறுக்கினவரை கூட்டத்துல யாரும் விரட்டறதில்ல, மறுபடி வரச் சொல்றாங்க.

சென்னை டிடிகே ஆஸ்பத்திரிக்காரங்க குடவாசல் பக்கம் மஞ்சக்குடியிலேயே வந்து தங்கி, பதினைஞ்சு நாள் முகாம் நடத்தினாங்க. சிகிச்சை ஊருக்கு வந்தா குடும்பமும் கூட நிக்கும். அந்த மாதிரி கூட்டம் ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் வேணும்.

அதுவரைக்கும், போன் பண்றவங்க "எங்க சேக்கலாம்"னு மட்டும் கேக்காதீங்க. "வெளிய வந்தப்புறம் அடுத்த கூட்டம் என்னைக்கு, யார் கூடப் போறது"ன்னும் கேளுங்க.