பாசம் எழுதும் கடிதமும் அதிகாரி படிக்கும் கடிதமும்

அப்புத்தளைத் தோட்டங்களில் பிறந்து இன்று கனடாவில் வாழும் பிள்ளைகள், ஊரிலுள்ள தாயையோ தந்தையையோ சில மாதங்கள் தம்மோடு வைத்திருக்க விரும்புவது இயல்பே. வீசா விண்ணப்பத்தோடு இணைப்பதற்காக அவர்கள் அனுப்பும் அழைப்புக் கடிதங்களை வாசித்துச் சொல்லுமாறு கேட்டு, சிலர் என்னிடமும் வருவதுண்டு. அவற்றுள் பெரும்பாலானவை மனத்தை உருக்கும் கடிதங்கள். அந்த உருக்கமே பல வேளைகளில் விண்ணப்பத்துக்கு எதிரியாகிவிடுகிறது.

ஒரு வாக்கியத்தைப் பாருங்கள். "அப்பாவின் மறைவுக்குப் பின் அம்மா தனிமையில் வாடுகிறார், அவரைக் கவனிக்க அங்கு எவருமில்லை." ஒரு மகள் இப்படி எழுதுவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் வீசா அதிகாரி வேறொரு கேள்வியோடு அமர்ந்திருக்கிறார். கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதிகளில் 179ஆவது விதி, வருகையாளர் தமக்கு அனுமதிக்கப்பட்ட காலம் முடிந்ததும் நாட்டைவிட்டு வெளியேறுவார் என்று அதிகாரி திருப்தியடைய வேண்டும் என்கிறது. கவனிக்க எவருமில்லாத ஊருக்கு அந்தத் தாய் ஏன் திரும்ப வேண்டும்? நிராகரிப்புக்கான காரணத்தை மகளே எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

கனடியக் குடிவரவுத் திணைக்களம் அழைப்புக் கடிதத்தில் எதிர்பார்க்கும் விபரங்கள் எளிமையானவை. வருபவரின் முழுப்பெயர், பிறந்த திகதி, முகவரி, தொலைபேசி இலக்கம், உறவுமுறை, வருகையின் நோக்கம், தங்கும் காலம், தங்குமிடம், செலவை ஏற்பவர், திரும்பும் நாள் ஆகியவை ஒரு பகுதி. அழைப்பவரின் பெயர், பிறந்த திகதி, முகவரி, தொழில், குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிடத்துக்கான சான்று, வீட்டிலுள்ளோரின் எண்ணிக்கை ஆகியவை மறு பகுதி. வீட்டிலுள்ளோரின் எண்ணிக்கையைப் பலர் சம்பிரதாயம் என்று கருதி விட்டுவிடுகின்றனர். ஆறு பேரைத் தாங்கும் சம்பளமும் மூவரைத் தாங்கும் சம்பளமும் ஒன்றல்ல. செலவை ஏற்பேன் என்ற வாக்குறுதியை அதிகாரி நிறுத்துப் பார்ப்பது அந்த எண்ணிக்கையைக் கொண்டுதான்.

இனி ஒரு கற்பனை உதாரணம். தாய்க்கு 67 வயது. கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற விதவை. இளைய மகனோடு தோட்டத்து லயத்தில் வசிக்கிறார். மகள் ஸ்காபரோவில் கணவனோடும் இரு பிள்ளைகளோடும் வாழ்கிறார். "பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அம்மா வருகிறார்" என்று மகள் முதலில் எழுதினார். பாட்டி பேரப்பிள்ளைகளுக்கு உதவுவது குற்றமல்ல. ஆனால் முடிவுத் திகதியற்ற அந்த நோக்கம் நீண்டகாலத் தங்கலாகவே வாசிக்கப்படும். உண்மையான நோக்கம் வேறாகவும் இருந்தது. மூத்த பேத்தியின் பூப்புனித நீராட்டு விழா ஜூலை மாதத்தில் நடக்கவிருந்தது. மண்டபத்துக்கு முற்பணமும் கட்டியாகிவிட்டது. ஆகவே கடிதம் இவ்வாறு மாறியது:

"என் தாயார் ஜூன் 20 முதல் செப்டெம்பர் 15 வரை எங்களோடு தங்குவார். ஜூலையில் நடைபெறும் என் மகளின் விழாவில் கலந்துகொள்வதே நோக்கம். மண்டபப் பற்றுச்சீட்டை இணைத்துள்ளேன். எம் வீட்டில் நால்வர் வசிக்கிறோம். விமானச் சீட்டு, மருத்துவக் காப்புறுதி, உணவு ஆகியவற்றின் செலவு என்னுடையது. தொழில் உறுதிக் கடிதமும் சென்ற ஆண்டின் வருமான வரி மதிப்பீட்டு அறிவித்தலும் இணைக்கப்பட்டுள்ளன. ஊரில் என் தாயார் இளைய சகோதரனின் குடும்பத்தோடு வாழ்கிறார். சகோதரனின் மனைவி மலைக்கு வேலைக்குச் செல்லும் நாட்களில் அவர்களுடைய இரு பிள்ளைகளையும் பாடசாலையிலிருந்து அழைத்துவருபவர் அவரே. அவர் இல்லாத மூன்று மாதங்களுக்கு மருமகளின் தாயார் வந்து தங்குவார்."

இறுதி வாக்கியத்தைக் கவனியுங்கள். திரும்பிச் செல்வார் என்று சத்தியம் செய்வதைவிட அது வலிமையானது. ஊரில் அவருக்கு ஓர் இடம் இருக்கிறது, அதை மூன்று மாதத்துக்கு மட்டும் வேறொருவர் நிரப்புகிறார் என்று அது சொல்கிறது. அது உண்மையாக இருந்தால் மட்டுமே எழுத வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கடிதம் திருந்திய பின்னரும் மலையகத்துக்கே உரிய தடைகள் எஞ்சியிருக்கின்றன. முதலாவது பெயர். தாயின் கடவுச்சீட்டில் முத்துலெட்சுமி என்றிருக்கும். மகளின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் லெட்சுமி என்று மட்டும் இருக்கும். சேமலாப நிதிப் பத்திரத்தில் மூன்றாவது எழுத்துக்கூட்டு இருக்கும். கந்தோரில் யாரோ காதில் விழுந்தபடி எழுதியதன் விளைவு இது. உறவை நிறுவும் ஒரே ஆவணம் மகளின் பிறப்புச் சான்றிதழாக இருக்கையில், இந்த வேறுபாடு பெரிதாகிவிடுகிறது. கடிதத்தில் கடவுச்சீட்டுப் பெயரையே எழுதி, மற்றப் பெயர்களும் அவருடையவையே என்று ஒரு வரி சேர்த்து, அதற்கான சத்தியக்கடதாசியையும் ஆங்கில மொழிபெயர்ப்புகளையும் இணைப்பதே வழி. அதிகாரி தாமாகக் கண்டுபிடித்தால் சந்தேகம். நாம் முன்கூட்டிச் சொன்னால் விளக்கம்.

இரண்டாவது முகவரி. பிரிவும் லயமும் அறையும் கொண்ட முகவரி ஓர் ஆவணத்திலிருந்து மற்றதற்கு மாறிக்கொண்டேயிருக்கும். பிரதேச செயலாளரின் மேலொப்பம் பெற்ற கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழில் உள்ளவாறே விண்ணப்பத்திலும் கடிதத்திலும் எழுதினால் இத்தடை நீங்கும்.

மூன்றாவது தடைதான் மிகக் கொடியது. திரும்புவதற்கான சான்றாக அதிகாரி எதிர்பார்ப்பவற்றில் சொத்தும் வருமானமும் அடங்கும். நாற்பது ஆண்டுகள் உழைத்த தோட்டத் தொழிலாளிக்கு மாத ஓய்வூதியம் இல்லை. ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் ஒரேயடியாகக் கைக்கு வந்து செலவாகிவிடுகின்றன. வாழ்ந்த லயத்துக்கு உறுதிப்பத்திரமும் இல்லை. வேரில்லாதவர் என்று காகிதம் சொல்கிறது; மூன்று தலைமுறை வேரூன்றிய மனிதரோ எதிரே நிற்கிறார்.

இந்த இடைவெளியில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். விண்ணப்பத்துக்கு முதல் மாதம் வங்கிக் கணக்கில் சில இலட்சங்களைப் போட்டுக் காட்டுவது அவர்களின் வித்தை. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பணம் உதவாது. போலி ஆவணம் என்று கண்டறியப்பட்டால் கனடாவுக்குள் நுழைய ஐந்தாண்டுத் தடையும் விதிக்கப்படலாம். 67 வயதுத் தாய்க்கு அது ஏறத்தாழ ஆயுள்தடை. சேமலாப நிதியில் மிஞ்சிய சிறுதொகை நிலையான வைப்பில் இருந்தால், அதையும் நிதி கிடைத்த பத்திரத்தையும் அப்படியே காட்டுவது மேல். செலவை மகள் ஏற்பதாகச் சான்றோடு சொல்லியிருக்கையில் தாய் செல்வந்தராகத் தோன்ற வேண்டியதில்லை.

இத்தனையும் செய்த பின்னரும் நிராகரிப்பு வரலாம். அழைப்புக் கடிதம் வீசாவுக்கு உத்தரவாதமல்ல. சட்டத்தரணியின் முத்திரை குத்தினாலும் அது கையொப்பத்தையே உறுதிசெய்யும், உள்ளடக்கத்தையல்ல. ஆனால் தாயின் வறுமைக்காக நிராகரிக்கப்படுவதும், மகளின் ஒரு வாக்கியத்துக்காக நிராகரிக்கப்படுவதும் வேறு வேறு. முன்னையதற்கு நாட்டின் தோட்டமுறை பதில் சொல்ல வேண்டும். பின்னையதை நாம் தவிர்க்கலாம்.

ஒரு வேலை பலராலும் மறக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் எழுதிய அந்தக் கடிதத்தைத் தாய்க்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். விமான நிலையத்தில் எத்தனை நாள் தங்குவீர்கள், யார் வீட்டில், எப்போது திரும்புவீர்கள் என்று கேட்கப்படப்போவது அவரிடம்தான். கடிதத்திலுள்ள திகதி அவருடைய நாவிலும் இருக்க வேண்டும்.