விலை ஏறாமலே இருந்தால் நல்லதுதானே?

கேள்வி: ‘‘2025 அக்டோபர் மாதத்தில் நாட்டின் விலைவாசி உயர்வு வெறும் 0.25 சதவிகிதம்தான் என்று செய்தி வந்தது. விலை ஏறாவிட்டால் எல்லோருக்கும் நல்லதுதானே? பிறகு ஏன் ரிசர்வ் வங்கி ஆண்டுக்கு 4 சதவிகிதம் ஏற வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது?’’

- வாசகர், மணப்பாறை.

பதில்: நியாயமான கேள்வி. விலையைக் கட்டுப்படுத்துவதுதான் மத்திய வங்கியின் வேலை என்றால், இலக்கு பூஜ்யமாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால், உலகில் எந்தப் பெரிய மத்திய வங்கியும் பூஜ்யத்தை இலக்காக வைக்கவில்லை. அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பிய மத்திய வங்கிகளின் இலக்கு 2 சதவிகிதம். இந்தியாவில் 2016 முதல் 4 சதவிகிதம். அதற்கு மேலும் கீழும் 2 சதவிகிதம் வரை போகலாம் என்று விளிம்பும் உண்டு. இதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. முதல் காரணத்தை விளங்கிக்கொள்ள வங்கிக்குப் போக வேண்டியதில்லை, களை எடுக்கும் காட்டுக்குப் போனால் போதும்.

ஓர் ஊரில் நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டு மழை நன்றாகப் பெய்கிறது. எல்லாக் காட்டிலும் ஒரே நேரத்தில் வேலை. ஆள் கிடைக்காமல் கூலி 450 ஆகிறது. மறு ஆண்டு மழை சாதாரணம்தான். விளைச்சலைப் பார்த்தால் பழைய 400 ரூபாய்தான் கட்டுப்படியாகும். ஆனால், ‘போன வருஷம் 450 கொடுத்தேன், இந்த வருஷம் 400தான்’ என்று எந்த நிலக்காரர் சொல்வார்? சொன்னால் ஆள் வரமாட்டார்கள். வந்தாலும் வேலையில் மனசு இருக்காது. ஊரில் பேச்சும் கேட்க வேண்டியிருக்கும். அதனால் அவர் கூலியைக் குறைப்பதில்லை, ஆளைக் குறைக்கிறார். பத்துப் பேரைக் கூப்பிட்ட இடத்தில் எட்டுப் பேர். மீதி இரண்டு பேருக்கு அன்று வேலை இல்லை.

இது கற்பனைக் கணக்கு என்றாலும், நடப்பு இதுதான் என்பதை சுப்ரீத் கௌர் என்ற பொருளாதார ஆய்வாளர் நிறுவியிருக்கிறார். இந்தியாவின் சுமார் 600 மாவட்டங்களில், 1956-ம் ஆண்டிலிருந்து அரை நூற்றாண்டுக்கும் மேலான மழை விவரத்தையும் விவசாயக் கூலி விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நல்ல மழை பெய்த ஆண்டில் கூலி ஏறுகிறது. வறட்சியில் இறங்குவதில்லை. நல்ல மழைக்கு அடுத்த ஆண்டு நிலைமை பழையபடி ஆன பிறகும், ஏறின கூலி ஏறினபடியே நிற்கிறது. அதன் விலையாக, அந்த நல்ல மழை பெய்யாமலே இருந்திருந்தால் அடுத்த ஆண்டு கிடைத்திருக்கக்கூடிய வேலையைவிட சுமார் 9 சதவிகிதம் வேலை குறைந்தது என்பது அவர் கண்ட கணக்கு. வெளியில் வேலை கிடைக்காத சிறு விவசாயிகள், தங்கள் துண்டு நிலத்திலேயே தேவைக்கு மேல் உழைத்தார்கள் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அரை ஏக்கரில் வீட்டு ஆட்கள் நான்கு பேரும் நாள் முழுக்க நிற்பது சோம்பலுக்கு எதிரான உழைப்பு மட்டுமல்ல. பல நேரங்களில் அது வேறு வேலை கிடைக்காததன் அடையாளம்.

இப்போது விலைவாசியைக் கணக்கில் சேர்ப்போம். விளைபொருள் விலையும் மற்ற விலைகளும் ஆண்டுக்கு 4 சதவிகிதம் ஏறுகின்றன என்றால், கட்டுப்படியாகும் கூலியும் 400-லிருந்து முதல் ஆண்டு 416, இரண்டாம் ஆண்டு சுமார் 433, மூன்றாம் ஆண்டு 450 என்று ஏறும். 450 ரூபாய்க் கூலியை யாரும் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. மூன்று ஆண்டில் அதுவே சரியான கூலி ஆகிவிடுகிறது. எட்டுப் பேர் மறுபடி பத்துப் பேர் ஆகலாம். விலை 2 சதவிகிதம் மட்டும் ஏறினால் இதே சரிக்கட்டலுக்கு ஆறு ஆண்டு ஆகும். விலை ஏறவே இல்லையென்றால், விளைச்சல் கூடினாலொழிய அந்த இரண்டு பேருக்கும் வேலை திரும்ப வராது. விலைவாசி உயர்ந்த காலங்களில் இந்தச் சிக்கல் தணிந்தது என்பதும் கௌரின் ஆய்வில் இருக்கிறது.

‘அப்படியென்றால் தொழிலாளியை ஏமாற்றும் வேலைதானே இது?’ என்று கேட்கலாம். ஒரு பகுதி உண்மை. 450 ரூபாய் மூன்று ஆண்டு அசையாமல் நின்றால், அதை வைத்து வாங்கும் அரிசியும் எண்ணெயும் குறையத்தான் செய்யும். கூலிக்குப் போகிறவர் இழப்பது அது. அவருக்குத் திரும்பக் கிடைப்பது வேலை நாள். எது பெரிது என்பது அவரவர் வீட்டு நிலையைப் பொறுத்தது. ஆனால், மனிதர்கள் இந்த இரண்டு இழப்பையும் ஒன்றாக எடைபோடுவதில்லை. கானமன், நெட்ச், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1986-ல் வெளியிட்ட ஆய்வுக்காகக் கனடாவில் மக்களிடம் இதையே கேட்டார்கள். விலைவாசி ஏறாத காலத்தில் ஒரு கம்பெனி சம்பளத்தை 7 சதவிகிதம் வெட்டுகிறது, இது நியாயமா? நூற்றுக்கு 62 பேர் அநியாயம் என்றார்கள். விலைவாசி 12 சதவிகிதம் ஏறும்போது சம்பளத்தை 5 சதவிகிதம் மட்டும் கூட்டுகிறது, இது நியாயமா? அநியாயம் என்றவர்கள் 22 பேர்தான். கையில் மிஞ்சும் அரிசிக் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வெட்டு என்ற சொல் வலிக்கிறது, குறைந்த உயர்வு அந்த அளவு வலிப்பதில்லை.

இரண்டாவது காரணம் வட்டி. தொழில் படுத்துப்போகும்போது மத்திய வங்கி செய்யக்கூடிய முதல் காரியம் வட்டியைக் குறைப்பது. ஆனால், வட்டிக்கு ஓர் அடித்தரை உண்டு. ‘உன் 1,000 ரூபாயை ஒரு வருஷம் வைத்திருந்து 970 தருகிறேன்’ என்று வங்கி சொன்னால், பணத்தை எடுத்து வீட்டு பீரோவில் வைத்துவிடுவோம். பீரோவில் 1,000 ரூபாய் 1,000 ரூபாயாகவே இருக்கும். ஆகவே வட்டி பூஜ்யத்துக்குக் கீழே அதிகம் போக முடியாது.

விலைவாசி உயர்வு 4 சதவிகிதமாக இருக்கும் நாட்டில் சாதாரண காலத்து வட்டி 5, 6 என்று இருக்கும். விலை ஏறாத நாட்டில் 1, 2 என்றுதான் இருக்கும். முதல் நாட்டுக்கு நெருக்கடியில் ஆறு படி இறங்க இடம் இருக்கிறது, இரண்டாவது நாட்டுக்கு இரண்டு படிதான். கிணற்றில் தண்ணீர் மட்டம் உயர்ந்து நின்றால்தான் வறட்சியில் இறைக்க முடியும் என்பது போல. எத்தனை படி தேவைப்படும்? 2007 செப்டம்பரில் 5.25 சதவிகிதமாக இருந்த வட்டியை, அமெரிக்க மத்திய வங்கி 2008 டிசம்பருக்குள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டது. அதுவும் போதாமல், ஏழு ஆண்டுகள் அங்கேயே நிறுத்திவைத்தது.

கிணறு வற்றினால் என்ன ஆகும் என்பதை ஜப்பான் அனுபவித்தது. அங்கே 1990-களின் தொடக்கத்தில் நிலம், பங்கு விலைகள் சரிந்தன. 1990-ல் 6 சதவிகிதமாக இருந்த மத்திய வங்கியின் கழிவு வட்டி, 1995-ல் 0.5 சதவிகிதம். 1999-ல் வங்கிகளுக்கு இடையிலான ஒருநாள் கடனுக்கான வட்டியே பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. அதற்குள் விலைகள் இறங்கத் தொடங்கியிருந்தன. பெரிய வீழ்ச்சி அல்ல, பெரும்பாலும் ஆண்டுக்கு 1 சதவிகிதத்துக்கும் குறைவு. ஆனால் அதுவே போதுமானதாக இருந்தது. விலை 1 சதவிகிதம் இறங்கும்போது பூஜ்ய வட்டிக் கடன்கூட 1 சதவிகித வட்டிக் கடன்தான். கடன் தொகை அப்படியே நிற்க, அதை அடைக்க விற்கும் சரக்கின் விலை குறைகிறது. வட்டியை இன்னும் இறக்கி உதவலாம் என்றால் இறங்க இடமில்லை. கடைசியில் 2013 ஜனவரியில் ஜப்பான் மத்திய வங்கி, விலை 2 சதவிகிதம் ஏற வேண்டும் என்று இலக்கு அறிவித்தது. 2016-ல், வங்கிகள் தன்னிடம் வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதிக்கு 0.1 சதவிகிதம் கழித்துக்கொள்ளும் முறையையும் கொண்டுவந்தது. அந்தக் கழிவை 2024 மார்ச்சில்தான் நிறுத்த முடிந்தது.

இந்தியாவுக்கு இந்த இரண்டாவது ஆபத்து இதுவரை நெருங்கி வரவில்லை. கொரோனா காலத்தில்கூட ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 4 சதவிகிதத்துக்குக் கீழே போகவில்லை. எனவே இங்கே முதல் காரணத்துக்குத்தான் எடை அதிகம். இலக்கு 2 ஆக இல்லாமல் 4 ஆக இருப்பதற்கு, நம் வீட்டுச் செலவில் உணவின் பங்கு பெரிது என்பதும், மழையைப் பொறுத்து உணவு விலை மேலும் கீழும் குதிக்கும் என்பதும் முக்கியமான காரணங்கள். அதற்காக இலக்கை 10 ஆக்கினால் இன்னும் நல்லது என்று ஆகிவிடாது. விலை ஏறும் வேகம் கூடினால் கூலிக்காரர் இழப்பது கூடும், சேமிப்பு கரையும், யாரும் அடுத்த ஆண்டுக் கணக்கைப் போட முடியாது. 2022-ல் தொடர்ந்து மூன்று காலாண்டு 6 சதவிகிதத்தைத் தாண்டியபோது, ஏன் தவறினோம் என்று ரிசர்வ் வங்கி மத்திய அரசுக்குச் சட்டப்படி விளக்கம் எழுத வேண்டிவந்தது.

இனி, வாசகர் குறிப்பிட்ட அந்த 0.25 சதவிகிதத்துக்கு வருவோம். அந்த மாதம் எல்லா விலையும் அசையாமல் நின்றதாக அர்த்தம் இல்லை. உணவுப் பொருள்களின் விலை முந்தைய ஆண்டைவிட சுமார் 5 சதவிகிதம் இறங்கியிருந்தது. மற்ற பல விலைகள் ஏறியிருந்தன. இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டதில் வந்ததுதான் அந்தக் கால் சதவிகிதம். 4 சதவிகித இலக்கும் சராசரிக்குத்தான், தக்காளிக்கோ வெங்காயத்துக்கோ அல்ல.

இதன் சுமையைத் தெரிந்துகொள்ள, கிசான் கிரெடிட் கார்டில் வாங்கிய பயிர்க்கடனை எடுத்துக்கொள்ளலாம். 3 லட்சம் ரூபாய் வரை வட்டி 7 சதவிகிதம். தவணை தவறாமல் கட்டினால் 3 சதவிகிதம் தள்ளுபடி போக 4 சதவிகிதம். விளைபொருள் விலை ஆண்டுக்கு 4 சதவிகிதம் ஏறினால், 1 லட்சம் ரூபாய்க் கடனுக்குத் திருப்பிக் கட்டும் 1,04,000 ரூபாயைத் திரட்ட, கடன் வாங்கிய அன்று 1 லட்சம் ரூபாய்க்கு விற்றிருக்கக்கூடிய அதே அளவு சரக்கு போதும். உண்மையில் வட்டி இல்லை. விலை அசையாமல் நின்றால், நூறு மூட்டையோடு இன்னும் நான்கு மூட்டை விற்க வேண்டும். விலை 5 சதவிகிதம் இறங்கினால், அதே 1,04,000 ரூபாய்க்கு 109 மூட்டைக்கும் மேல் தேவை. வங்கிப் புத்தகத்தில் அப்போதும் 4 சதவிகிதம் என்றுதான் எழுதியிருக்கும்.