இரவு 2 மணி அலறல்

2020 அக்டோபர் 13. ஹைதராபாத்தைப் பெருமழை புரட்டிப்போட்ட இரவு. மாரேட்பள்ளியில் 10 மணிக்கே மின்சாரம் போயிற்று. மாடியில் தூங்கிய கடைக்காரரை 2 மணிக்கு எழுப்பியது கீழே ஐஸ்கிரீம் ஃப்ரீசரின் அலாரம். மைனஸ் 18 டிகிரியில் இருந்தது மைனஸ் 12-க்கு ஏறியிருந்தது. நல்லவேளை, பேட்டரி அலாரம். இல்லாவிட்டால் மின்சாரத்தோடு அதுவும் தூங்கியிருக்கும்.

மகன் மூடியில் கை வைத்தான்.

"திறக்காதேடா, இருக்கிற குளிரும் போயிடும்!"

எதிர்வீட்டு ஜெனரேட்டர் கைகொடுத்தது. அலாரம் அடிக்காமல் போயிருந்தால் சரக்கு இளகி, மின்சாரம் வந்ததும் மறுபடி உறைந்திருக்கும். டப்பாவைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நாக்கில் மணலாக நெருடும் பனித்துகள்தான் காட்டிக்கொடுக்கும், அதுவும் வாடிக்கையாளர் வீட்டில்.