அம்புக்குறி போடுவதற்கு முன்



வரலாறு எடுத்துப் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில், தேர்வு நெருங்கினால் சாப்பாட்டு மேசை சார்ட் பேப்பருக்குப் போய்விடும். நவீன வரலாற்றுக் கட்டுரைத் தாளில் 'ஹிட்லர் எப்படி ஆட்சிக்கு வந்தார்?' என்பது அலுக்காமல் வரும் கேள்வி. நடுவில் ஹிட்லர், சுற்றிலும் வெர்சாய் ஒப்பந்தம், பணவீக்கம், வேலையின்மை, எல்லாவற்றிலிருந்தும் அவரை நோக்கி அம்புக்குறிகள். பார்க்க அழகுதான். ஆனால் எது எப்போது வேலை செய்தது என்று அதில் தெரிகிறதா?

காலக்கோட்டை முதலில் போடச் சொல்லுங்கள். 1919 முதல் 1933 வரை, ஆண்டுக்கு ஆண்டு ஒரே இடைவெளி. கோட்டின் மேலே நிகழ்வுகள். கீழே நாஜிக் கட்சி வாங்கிய வாக்கு: 1928 மே மாதம் 2.6 சதவீதம், 1930 செப்டம்பரில் 18.3, 1932 ஜூலையில் 37.3, அதே ஆண்டு நவம்பரில் 33.1.

இனி அம்புகளைச் சோதிக்கலாம். சேமிப்பையெல்லாம் காகிதமாக்கிய பணவீக்கம் 1923-இல். அதுவே நேரடிக் காரணம் என்றால், ஐந்து ஆண்டு கழித்தும் 2.6 சதவீதம்தானா? ஆக, அந்த அம்பு புள்ளிக்கோடாக மாற வேண்டும். நடுத்தரக் குடும்பங்களின் மனதில் தங்கிய பயம் அது. அடுத்த நெருக்கடியில்தான் வெளியே வந்தது.

1929-இலிருந்து கிளம்பும் அம்பு கனமானது. ஆனாலும் ஒரே தாவலில் ஹிட்லரிடம் போகக் கூடாது. ஒவ்வொரு அம்பின் மேலும் 'எப்படி?' என்பதற்கு நாலு வார்த்தை எழுத வேண்டும். அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது, ஜெர்மனிக்கு வந்த கடன் வறண்டது, ஆலைகள் மூடின. வேலையற்றோர் காப்பீட்டுக்கு யார் எவ்வளவு கட்டுவது என்ற சண்டையில் 1930 மார்ச்சில் சான்சலர் முல்லரின் கூட்டணி அரசு உடைந்தது. அடுத்து வந்த புருனிங், அரசியலமைப்பின் 48-ஆவது பிரிவின்படி வந்த அவசர ஆணைகளை நம்பி ஆண்டார். சம்பளத்தையும் உதவித்தொகையையும் வெட்டினார். 1932 தொடக்கத்தில் வேலையற்றோர் 60 லட்சம். இங்கும் ஒரு வழுக்கல் உண்டு. வேலை இழந்த தொழிலாளர்கள் பெரும்பாலும் கம்யூனிஸ்ட் பக்கம் போனார்கள். அதைப் பார்த்து மிரண்ட கடைக்காரரும் சிறு விவசாயியும்தான் நாஜிப் பக்கம் அதிகம் சாய்ந்தார்கள். நடுவில் இந்த 'மிரட்சி'க் கட்டம் இல்லாவிட்டால் சங்கிலி அறுந்துபோகும்.

கடைசி எண்ணைப் பாருங்கள். 1932 நவம்பரில் அந்தக் கட்சி சுமார் 20 லட்சம் வாக்குகளை இழந்தது. ஆனால் 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் சான்சலர்! வாக்கு இறங்கும்போது பதவி எப்படி வந்தது? அவரைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பிய முன்னாள் சான்சலர் பாப்பன் பேரம் பேசினார். குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கை இணங்க வைத்தார். ஆகவே 'வாக்கு' ஒரு கட்டம், 'பதவி' இன்னொரு கட்டம். கட்டுரையின் நீளமான பத்தியை இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள அம்புக்கே ஒதுக்கலாம் என்பேன். பலரும் அதை ஒற்றை வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்